மெஷின் லோனின் நிஜ வட்டி 11 சதவீதமா, ஏழரையா?

கேள்வி: வணக்கம் ஐயா. கோவையில் நானும் அண்ணனும் பார்ட்னர்ஷிப்பாக ஒரு மெஷின் ஷாப் நடத்துகிறோம், எல்லாம் ஜாப் ஒர்க்தான். 30 லட்ச ரூபாய்க்கு (ஜி.எஸ்.டி. தனி) ஒரு புது சி.என்.சி. டர்னிங் சென்டர் பார்த்திருக்கிறோம். வங்கி 24 லட்சம் தருகிறது. 11 சதவீத வட்டி, 48 மாதம், மாதம் 50,000 அசலும் மீதிக்கு வட்டியும். "வட்டியைவிட வரியில் மிச்சமாவது அதிகம், கடன் உங்களுக்குச் சும்மா கிடைப்பது மாதிரி" என்று டீலர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். செப்டம்பருக்குள் புக் செய்யவும் சொல்கிறார். அண்ணனோ, கம்பெனி பெயரில் 7 சதவீதத்தில் கிடக்கும் எஃப்.டி.யை எடுத்து மெஷினை வாங்கிவிடலாம், கடனே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி? எங்கள் டர்னோவர் வருடத்துக்கு 1.8 கோடி, முழுக்க வங்கி வழியாகத்தான். இதுவரை 6 சதவீத லாபம் காட்டித்தான் ரிட்டர்ன் போடுகிறோம்.

பதில்: கடிதத்தின் கடைசி வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பாதி விடை அதில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் டீலரின் தாளைப் பார்த்துவிடுவோம். அதில் கூட்டல் தப்பு இருக்காது. கூட்டக் கூடாத இரண்டைக் கூட்டியிருப்பார்.

இப்போதைக்கு, நீங்கள் முறையாகக் கணக்கு எழுதி, உண்மையான லாபத்துக்கு வரி கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு ஸ்லாப் எதுவும் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். தொழிலுக்காக வாங்கிய கடனின் வட்டி தொழில் செலவு. வட்டியாக 100 ரூபாய் கொடுத்தால் வரிக்கு உட்படும் லாபம் 100 ரூபாய் குறையும், வரி 31 ரூபாய் 20 காசு குறையும். அதனால் உங்கள் கையிலிருந்து உண்மையில் போவது 68 ரூபாய் 80 காசு. 11 சதவீத வட்டிக்கும் இதே விகிதம்தான்:

11 × (1 − 0.312) = 7.57 சதவீதம்.

இதுதான் வரிக்குப் பிந்தைய கடன் விலை. உங்கள் லோனில் இது எவ்வளவு பணம் என்று பார்ப்போம். எளிமைக்காக 12 தவணையை ஓர் ஆண்டாக எடுத்துக்கொள்கிறேன். முதல் ஆண்டு வட்டி 2,33,750 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் இறங்கி இரண்டாம் ஆண்டு 1,67,750, மூன்றாம் ஆண்டு 1,01,750, கடைசி ஆண்டு வெறும் 35,750. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 5,39,000 ரூபாய். இதில் வரியாக மிச்சமாவது 1,68,168. ஆக நிகர வட்டி சுமார் 3.71 லட்சம். ஏழரை சதவீதக் கடன் மலிவானதுதான், ஆனால் சும்மா கிடைப்பது ஆகாது.

அப்படியானால் டீலர் எங்கிருந்து அந்தப் பெரிய தொகையைக் கொண்டுவந்தார்? தேய்மானத்திலிருந்து. புது மெஷினுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் வழக்கமான தேய்மானம். உற்பத்தித் தொழிலில் இருப்பவர் புதிதாக வாங்கும் மெஷினுக்கு அதற்கு மேல் 20 சதவீதம் கூடுதல் தேய்மானமும் உண்டு (செகண்ட் ஹேண்ட் மெஷினுக்கு இந்தக் கூடுதல் கிடையாது). ஆக முதல் ஆண்டிலேயே 30 லட்சத்தில் 35 சதவீதம், அதாவது 10.5 லட்சத்தை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதற்கான வரி மிச்சம் 3,27,600 ரூபாய். அடுத்தடுத்த ஆண்டுகளில் எஞ்சிய மதிப்பின் மேல் 15 சதவீதம்தான் என்பதால் மிச்சம் 91,260, 77,571, 65,935 என்று இறங்கும். நான்கு ஆண்டில் மொத்தம் 5.62 லட்சம். இதோடு வட்டியால் வந்த 1.68 லட்சத்தைச் சேர்த்தால் 7.3 லட்சம். கட்டிய வட்டியோ 5.39 லட்சம். "பார்த்தீர்களா, கடன் உங்களுக்கு லாபம்!"

இந்த இடத்தில் அண்ணன் வழியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எஃப்.டி.யை உடைத்து முழு 30 லட்சத்தையும் சொந்தப் பணத்தில் கொடுத்து வாங்குகிறீர்கள். தேய்மானம் எவ்வளவு? அதே 10.5 லட்சம். வரி மிச்சம்? அதே 3,27,600. மெஷினுக்குச் சொந்தக்காரர் என்பதற்காகவும், அதைத் தொழிலில் ஓட்டுகிறீர்கள் என்பதற்காகவும் வருவதுதான் தேய்மானம். பணம் வங்கியிலிருந்து வந்ததா, பீரோவிலிருந்து வந்ததா என்று வருமான வரிச் சட்டம் கேட்பதில்லை. எந்த வழியில் வாங்கினாலும் கிடைக்கிற ஒன்றை ஒரு வழியின் கணக்கில் மட்டும் வரவு வைத்தால் அந்த வழி ஜெயிக்கத்தானே செய்யும். டீலரின் தாளில் நடந்தது இதுதான்.

தேய்மானம் மெஷினின் விலையைக் குறைக்கிறது, வட்டிக் கழிவு கடனின் விலையைக் குறைக்கிறது. மெஷின் வாங்கலாமா, வேண்டாமா என்று யோசிக்கும்போது இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வாங்குவதா, மாத வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்வியிலும் அப்படியே, ஏனென்றால் வாடகை மெஷினுக்குத் தேய்மானம் அதன் சொந்தக்காரருக்குத்தான் போகும், உங்களுக்கு வாடகை மட்டும்தான் செலவு. ஆனால் வாங்குவது என்று முடிவான பிறகு, கடனா கைப்பணமா என்ற கேள்வியில் தேய்மானம் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான், அதை அடித்துவிடலாம்.

இப்போது அண்ணனின் கணக்கு. எஃப்.டி. 7 சதவீதம் தருகிறது, ஆனால் அந்த வட்டிக்கும் நிறுவனம் 31.2 சதவீதம் வரி கட்டுகிறது. கையில் நிற்பது 4.82 சதவீதம். கடன் 7.57. வரிக்கு முன்னால் 11-க்கும் 7-க்கும் இடையே 4 சதவீத இடைவெளி. வரிக்குப் பின் 2.75 சதவீதம். இரண்டு பக்கமும் ஒரே வரி விகிதம் என்றால் வரி இடைவெளியைச் சுருக்கும், வரிசையைப் புரட்டாது. வரிக்கு முன்னால் கடன் விலை அதிகம் என்றால் வரிக்குப் பிறகும் அதிகம்தான். நிறையப் பேர் கடன் வட்டியை வரிக்குப் பின்னும், எஃப்.டி. வட்டியை வரிக்கு முன்னும் வைத்து, "ஏழரைக்கும் ஏழுக்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று கேட்பார்கள். ஒரு தட்டில் நெல்லையும் மறு தட்டில் அரிசியையும் வைத்து நிறுக்கிற கதை அது.

ரூபாயில் சொன்னால்: 48 மாதத்தில் உங்கள் கடன் பாக்கி சராசரியாக 12.25 லட்சம். அதற்கு ஆண்டுக்கு 2.75 சதவீதம், நான்கு ஆண்டுக்கு 1.35 லட்சம் ரூபாய். கடன் வழியில் போவதற்கு நீங்கள் கொடுக்கும் அதிக விலை அவ்வளவுதான், ஆண்டுக்குச் சராசரி 34,000 ரூபாய். ஜாப் ஒர்க் கொடுக்கும் கம்பெனி பேமெண்டை 90 நாள் இழுத்தால் சம்பளமும் கரண்ட் பில்லும் கொடுக்கக் கைவசம் பணம் வேண்டும் என்றால், எஃப்.டி.யை உடைக்காமல் வைத்திருக்க இந்த விலை எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. எஃப்.டி.யை முன்கூட்டியே உடைப்பதற்கான அபராத வட்டியைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் குறையும். இது உங்கள் மனநிம்மதிக்கு நீங்கள் போடும் விலை, அதை நான் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னது காகிதக் கணக்கு. பணம் வருகிற நேரம் வேறு விஷயம், அங்கேதான் என்னிடம் வருகிற பலர் தடுக்கி விழுகிறார்கள்.

மாதத் தவணை முழுவதும் செலவு என்று நினைப்பவர்கள் அதிகம். வட்டிப் பகுதி மட்டும்தான் செலவு. 50,000 அசல் வரிக் கணக்கில் எங்கும் வராது. அசலுக்குப் பதிலாகச் சட்டம் தருவது தேய்மானம், ஆனால் அது தனக்கென ஒரு கால அட்டவணை வைத்திருக்கிறது. முதல் ஆண்டு நீங்கள் திருப்பும் அசல் 6 லட்சம், தேய்மானம் 10.5 லட்சம். இரண்டாம் ஆண்டும் அசல் அதே 6 லட்சம், ஆனால் தேய்மானம் 2,92,500 மட்டுமே.

உதாரணத்துக்கு, உங்கள் இருவரின் சம்பளம் போக, வட்டிக்கும் இந்தத் தேய்மானத்துக்கும் முன்னால் நிறுவனத்தின் லாபம் 16 லட்சம் என்று வைப்போம். முதல் ஆண்டு வட்டியும் தேய்மானமும் கழித்தால் வரிக்கு உட்படுவது 3,16,250, வரி சுமார் 98,700. வட்டி, அசல், வரி எல்லாம் போகக் கையில் 6.68 லட்சம். மனசுக்கு இதமாக இருக்கும், ஒரு கம்ப்ரஸரும் புதிதாக வாங்கத் தோன்றும். இரண்டாம் ஆண்டு அதே 16 லட்சம்தான், வட்டிகூட 66,000 குறைந்திருக்கிறது. ஆனால் வரிக்கு உட்படும் லாபம் 11,39,750 ஆகிவிடும், வரி 3,55,600. கையில் மிஞ்சுவது 4.77 லட்சம். தொழில் அப்படியே இருக்க, பணம் மட்டும் ஏறக்குறைய இரண்டு லட்சம் காணாமல் போன மாதிரி இருக்கும். "ஆடிட்டர் ஏதோ தப்புப் பண்ணிவிட்டார்" என்று அந்த ஜூன் மாதம் எனக்கு வராத போன் கிடையாது. ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணையில் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். போன வருட நினைப்பில் கட்டினால் குறைவாகக் கட்டிவிட்டு அபராத வட்டி கொடுக்க வேண்டிவரும். முதல் ஆண்டு மிச்சமான வரியில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருப்பவர்களுக்கு இந்த அதிர்ச்சி இல்லை.

அப்புறம் தேதிகள். டீலர் செப்டம்பரில் புக் செய்யச் சொல்வதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது, ஆனால் புக்கிங் தேதிக்கு வரியில் மதிப்பில்லை. மெஷின் அந்த நிதியாண்டில் 180 நாளாவது தொழிலில் பயன்பாட்டில் இருந்தால்தான் முழுத் தேய்மானம். பிப்ரவரிக்கு 28 நாள் உள்ள ஆண்டில், அக்டோபர் 3-க்குள் மெஷின் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் 35 சதவீதம் பாதியாகி 17.5 ஆகிவிடும். முதல் ஆண்டின் வரி மிச்சம் 3,27,600-லிருந்து 1,63,800-க்கு இறங்கும்.

ஆனால் அந்தப் பாதி தொலைந்துபோவதில்லை. விடுபட்ட 10 சதவீதக் கூடுதல் தேய்மானம் அடுத்த ஆண்டு கிடைக்கும், வழக்கமான தேய்மானத்தின் மீதி எஞ்சிய மதிப்பில் ஏறி மெல்ல மெல்ல வரும். தாமதத்துக்கான உண்மையான நஷ்டத்தை 7.57 சதவீதத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன்: சுமார் 25,000 ரூபாய். 30 லட்ச ரூபாய் மெஷினுக்கு, அக்டோபர் 3-ஐப் பிடிக்க வேண்டும் என்று தேவையில்லாத மாடலை அவசரமாக வாங்கும் அளவுக்கு இது பெரிய தொகை இல்லை. தேதியைத் தள்ளினால் டீலர் 50,000 குறைப்பார் என்றால் தாராளமாகத் தள்ளுங்கள்.

பிடிப்பதென்றால் ஆதாரத்தோடு பிடியுங்கள். மெஷின் பெட்டியோடு ஷெட்டில் நின்றால் அது பயன்பாடு ஆகாது. நிறுவிய என்ஜினியர் கையெழுத்திட்ட கமிஷனிங் ரிப்போர்ட், அந்த மெஷினில் முதலில் ஓட்டிய வேலையின் டெலிவரி சலான், பில், இவை தேதியோடு ஃபைலில் இருக்க வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவர் செப்டம்பர் இன்வாய்ஸை நம்பி முழுத் தேய்மானம் கேட்டார். மெஷினுக்காக மின் இணைப்பின் லோடை உயர்த்திய தேதி நவம்பர் என்று மின் கட்டண ரசீதிலேயே இருந்தது. அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது?

இதே பயன்பாட்டுத் தேதி வட்டியையும் பிடிக்கும். வங்கி ஆகஸ்டில் பணத்தை டீலருக்கு அனுப்பிவிட்டு, மெஷின் அக்டோபரில் ஓடத் தொடங்கினால், இடைப்பட்ட வட்டியைச் செலவாக எழுத முடியாது. முழுக் கடனுக்கு மாதம் 22,000 ரூபாய் வட்டி. இரண்டு மாதம் என்றால் 44,000. அது மெஷின் விலையோடு சேர்ந்து தேய்மானமாகத்தான் வெளியே வரும். மெஷின் வரும் தேதி உறுதியான பிறகு பணத்தை விடுவிக்கச் சொல்லி வங்கியிடம் எழுதிக்கொடுப்பது இதற்கு எளிய வழி.

மெஷின் ஓடத் தொடங்கிய பிறகும் வட்டிக்கு ஒரு நிபந்தனை தொடர்கிறது. கணக்கில் எழுதினால் போதாது, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு தேதிக்குள் வங்கிக்கு உண்மையில் கட்டியிருக்க வேண்டும். கட்ட முடியாத வட்டியை வங்கி புதுக் கடனாக மாற்றிக்கொடுத்தால் அது கட்டியதாகக் கணக்காகாது. அந்தப் புதுக் கடனை அடைக்கும்போதுதான் கழிவு. தொழில் நன்றாக ஓடும்போது 7.57 ஆக இருக்கும் கடன், தவணை தவறும் ஆண்டில் 11-க்கு மேல் போய்விடுவது இப்படித்தான். நஷ்டம் வந்த ஆண்டிலும் அப்படியே. கட்ட வரி இல்லாதபோது மிச்சப்படுத்தவும் ஒன்றும் இல்லை. தேய்மானத்தால் வந்த நஷ்டத்தை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் முன்னே எடுத்துச் செல்லலாம், மற்றத் தொழில் நஷ்டத்தை 8 ஆண்டு. கிடைக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரே வரி: 18 சதவீதம் என்றால் 5.4 லட்சம், அதை நீங்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்வீர்கள், எனவே தேய்மானம் 30 லட்சத்துக்குத்தான், 35.4-க்கு இல்லை. இரண்டையும் எடுக்க முடியாது.

சரி, இப்போது உங்கள் கடைசி வரி. 6 சதவீத லாபம் காட்டி ரிட்டர்ன் போடுவது என்றால் அது உத்தேச லாபத் திட்டம், ஆடிட்டர்கள் வாயில் 44ஏடி. 1.8 கோடிக்கு 6 சதவீதம் 10.8 லட்சம், அதற்கு வரி 3,36,960 ரூபாய். இந்த 6 சதவீதம் எல்லாச் செலவும் போக மிஞ்சியது என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. வட்டியும் தேய்மானமும் அதற்குள் அடக்கம். நீங்கள் 5 லட்சம் வட்டி கட்டினாலும், ஒரு பைசாகூடக் கட்டாவிட்டாலும் லாபம் 10.8 லட்சம்தான், வரி 3,36,960-தான்.

அதாவது இன்று நீங்கள் இருக்கும் நிலையில் இந்தக் கடனுக்கு வரிச் சேமிப்பு பூஜ்யம். நிஜ வட்டி 11 சதவீதம், முழுசாக. எஃப்.டி. வட்டிக்கோ இந்த 6 சதவீதத்துக்கு வெளியே தனியாக வரி உண்டு, எனவே அது 4.82-ஆகவே இருக்கும். இடைவெளி 6.18 சதவீதமாக விரிகிறது. சராசரி 12.25 லட்சத்துக்கு நான்கு ஆண்டில் 3.03 லட்சம் ரூபாய். முன்னால் 1.35 லட்சமாக இருந்தது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. இந்தத் திட்டத்திலேயே தொடர்வதாக இருந்தால் உங்கள் அண்ணன் சொல்வதில் பலம் அதிகம். முழு எஃப்.டி.யையும் உடைக்க மனமில்லை என்றால் பாதியை உடைத்து 12 லட்சம் மட்டும் கடன் வாங்கலாம்.

தேய்மானத்தின் கதி இதைவிட மோசம். கேட்காமல் விட்ட தேய்மானம் பிறகு உதவும் என்று நினைப்பீர்கள். உதவாது. உத்தேச லாபத்தில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் தேய்மானம் கொடுக்கப்பட்டுவிட்டதாகவே வைத்து மெஷினின் எஞ்சிய மதிப்பு குறைக்கப்படும். நான்கு ஆண்டு கழித்து முறையான கணக்குக்கு மாறினால், அதற்குள் கரைந்துபோன மதிப்பிலிருந்துதான் தொடங்குவீர்கள்.

"அப்படியானால் இந்த ஆண்டே அந்தத் திட்டத்தை விட்டுவிடலாமே" என்பீர்கள். விடலாம். ஆனால் ஒருமுறை 6 சதவீதத்துக்குக் கீழே காட்டி வெளியே வந்தால் அடுத்த 5 ஆண்டுக்குத் திரும்பி உள்ளே போக முடியாது, கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் கட்டாயமாகும். அதனால் ஒரே ஆண்டின் மிச்சத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் உண்மையான லாபம் 10.8 லட்சம் என்ற கோட்டுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்பதுதான் கேள்வி. கோட்டுக்குக் கீழே இறங்கும் பகுதிக்கு மட்டும்தான் கழிவு வேலை செய்யும்.

மேலே சொன்ன 16 லட்ச உதாரணத்தையே எடுங்கள். முதல் ஆண்டு கழிவுகள் 12.84 லட்சம். அதில் முதல் 5.2 லட்சம் 16-லிருந்து 10.8-க்கு இறங்குவதற்கே செலவாகிவிடும், அதனால் உங்களுக்கு ஒரு ரூபாயும் மிச்சமில்லை. மீதி 7.64 லட்சத்துக்குத்தான் பலன்: 2.38 லட்சம் ரூபாய். இரண்டாம் ஆண்டு முதல் லாபம் மறுபடி கோட்டுக்கு மேலே போய்விடும், திரும்பிப் போகக் கதவும் மூடியிருக்கும். அந்த 5 ஆண்டில் நீங்கள் கூடுதலாகக் கட்டும் வரி 3.77 லட்சம், ஆடிட் கட்டணம் தனி. வரி மிச்சம் பிடிக்கப் போய் நிகரமாக நஷ்டம்.

அதே லாபம் 16-க்குப் பதில் 12 லட்சம் என்றால் கதை தலைகீழ். முதல் ஆண்டு வரியே இல்லை, 3.37 லட்சம் மிச்சம். 83,750 ரூபாய் தேய்மானம் அடுத்த ஆண்டுக்கும் போகும். இரண்டாம் ஆண்டில் அதையும் சேர்த்து 1.32 லட்சம் மிச்சம். அதற்கப்புறமும் ஆறாம் ஆண்டு வரை ஒவ்வோர் ஆண்டும் லாபம் கோட்டுக்குக் கீழேயேதான் நிற்கும். மொத்தத்தில் 6 லட்சத்துக்குச் சற்று மேல். ஆடிட் கட்டணத்தைக் கழித்துப் பாருங்கள். இங்கே வெளியே வருவதுதான் சரி, கடனும் நிஜமாகவே ஏழரை சதவீதக் கடனாகிவிடும்.

இரண்டு உதாரணத்திலும் டர்னோவரும் லாபமும் அப்படியே இருப்பதாக வைத்திருக்கிறேன். புது மெஷின் ஓடினால் டர்னோவர் ஏறும். உத்தேச லாபத் திட்டத்தின் வரம்பு 2 கோடி, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி. உங்களுக்கு முழுக்க வங்கி வழிதான் என்பதால் 3 கோடி வரை இடம் இருக்கிறது, ஆனால் டர்னோவர் ஏறும்போது 6 சதவீதக் கோடும் கூடவே ஏறும் என்பதை மறக்காதீர்கள். இன்னொன்று, பார்ட்னர் சம்பளத்தைச் செலவாகக் கழிப்பது முறையான கணக்கில்தான் முடியும், உத்தேசத்தில் முடியாது. அந்தச் சம்பளத்துக்கு நீங்களும் அண்ணனும் உங்கள் சொந்த ரிட்டர்னில் வரி கட்ட வேண்டும். இருவருக்கும் வேறு வருமானம் குறைவு என்றால் வெளியே வருவதன் பக்கம் தராசு இன்னும் சாயலாம்.

ஆகவே டீலரிடம் கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் மூன்று ஆண்டு வங்கி ஸ்டேட்மெண்டும் செலவு பில்களும் எடுத்துக்கொண்டு போய், பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் உள்ள சம்பளம் போக உண்மையான லாபம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அது 11 லட்சத்துக்குப் பக்கத்திலோ கீழேயோ இருந்தால் முறையான கணக்குக்கு மாறிக் கடனில் வாங்குங்கள், எஃப்.டி. அப்படியே இருக்கட்டும். 15, 16 லட்சத்தைத் தொட்டால் திட்டத்திலேயே இருந்துகொண்டு அண்ணன் சொல்கிறபடி எஃப்.டி.யில் பெரும்பகுதியைப் போட்டு வாங்குங்கள். 12-க்கும் 15-க்கும் நடுவில் வந்தால் ஆறு ஆண்டுக் கணக்கை ஆண்டுவாரியாகப் போடாமல் யாரும் சரியாகச் சொல்ல முடியாது, நானும்தான்.

— உங்கள் ஆடிட்டர்